ஐந்து லட்சம் என்பது ஆண்டுக் கணக்கு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு பதிப்பின் வணிகப் பக்கத்தில் விற்பனை வரி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். "சொந்தமாகப் பொருள் தயாரிப்பவர்கள் ஆண்டு முடிவில் கணக்கு பார்த்து, விற்பனை 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டியிருந்தால் அப்போது பதிந்துகொள்ளலாம்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை. அந்த வரியை நம்பினால் எத்தனை பட்டறைகள் மாட்டிக்கொள்ளும் என்பதைத் தாங்கள் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அச்சுக்கு அனுப்பியிருக்க மாட்டீர்கள்.

பட்டர்வொர்த்தில் எங்களுக்கு ஒரு மரச்சாமான் பட்டறை இருக்கிறது. அலமாரி, கட்டில், மேசை, சாமி அலமாரி எல்லாம் செய்கிறோம். என் கணவர் மரத்தைப் பார்க்கிறார், நான் கணக்கைப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கியல் படித்ததோடு சரி, பெரிய பட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த 5 லட்ச வரம்பை நாங்கள் கடந்து வந்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சட்டத்தில் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று எங்கும் இல்லை. ஒவ்வொரு மாதம் முடியும்போதும், அந்த மாதத்தையும் அதற்கு முந்தைய 11 மாதங்களையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். வரிக்கு உட்பட்ட பொருள்களின் விற்பனை மட்டும்தான் கணக்கு, லாபம் அல்ல. கூட்டுத்தொகை 5 லட்சத்தைத் தாண்டிய மாதத்துக்கு அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் சுங்கத் துறையின் MySST தளத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். அதற்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வரி வசூலிக்க வேண்டும். இனி வரும் 12 மாதங்களில் தாண்டிவிடும் என்று முன்கூட்டியே தெரிந்தாலும், உதாரணத்துக்கு ஒரு ஹோட்டலுக்குப் பெரிய ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டாலும், இதே கடமை வந்துவிடும்.

எங்கள் கணக்கையே சொல்கிறேன். மரச்சாமான் வியாபாரம் தீபாவளியை ஒட்டித்தான் ஓடும் என்பது தாங்கள் அறிந்ததே. 2023-இல் தீபாவளி நவம்பர் 12-ஆம் தேதி, 2024-இல் அக்டோபர் 31-ஆம் தேதி. இந்தத் தேதி மாற்றம்தான் எங்களை வரம்புக்கு மேலே தூக்கிவிட்டது. 2023 நவம்பரில் விற்பனை 71,000, டிசம்பரில் 34,000. 2024 ஜனவரி முதல் செப்டம்பர் வரை 326,000. அக்டோபரில் மட்டும் 82,000. கூட்டினால் 513,000 ரிங்கிட். அதாவது ஒரு தீபாவளியின் கடைசி வாரங்களும் அடுத்த தீபாவளியின் முழு விற்பனையும் ஒரே 12 மாதத்துக்குள் வந்து விழுந்துவிட்டன.

அதே 2024-ஐத் தங்கள் கட்டுரை சொல்கிறபடி ஜனவரி முதல் டிசம்பர் வரை கூட்டுங்கள். நவம்பரில் 28,000, டிசம்பரில் 36,000. மொத்தம் 472,000-தான் வரும். "அப்பாடா, தாண்டவில்லை" என்று நிம்மதியாக இருந்திருப்போம். ஆனால் சட்டப்படி நவம்பர் 30-க்குள் விண்ணப்பித்து, டிசம்பர் 1 முதல் வரி வாங்க வேண்டியவர்கள் நாங்கள். நவம்பர் முடிவில் பார்த்தால் 12 மாதக் கூட்டுத்தொகை மறுபடியும் 5 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அதற்காக அக்டோபரில் வந்த கடமை தானாக மறைந்துவிடாது. பதிவை ரத்து செய்ய வேண்டுமென்றால் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். நான் மாதாமாதம் கூட்டிப் பார்க்கும் பழக்கம் உள்ளவள் என்பதால் நாங்கள் தப்பினோம்.

எங்கள் தாமானில் சோபா செய்யும் ஓர் அண்ணன் தப்பவில்லை. அவரும் டிசம்பர் கணக்கைத்தான் நம்பியிருந்தார். அவர் எப்போதோ வரம்பைத் தாண்டிவிட்டார் என்பது அதிகாரிகள் புத்தகங்களைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பதிந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து அதுவரை விற்றது 180,000 ரிங்கிட். சோபாவுக்கு வரி 10 விழுக்காடு. ஆக 18,000 ரிங்கிட்டை அவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று. சோபாவை வாங்கிப் போனவர்களின் வீட்டுக்குப் போய் "இன்னும் கொஞ்சம் காசு கொடுங்கள்" என்று கேட்க முடியுமா? அவர் எந்தக் கட்டுரையை நம்பினார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் தமிழில் படித்துத்தான் தொழில் நடத்துகிறார். இதற்கு மேல் நான் சொல்ல விரும்பவில்லை.

இன்னொரு வருத்தமும் உண்டு. 5 லட்சத்துக்கு மேலே உள்ள தொகைக்குத்தான் வரி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மிடையே ஏராளம். தங்கள் கட்டுரை அதைத் தெளிவாக்கவே இல்லை. பதிவு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து முதல் ரிங்கிட்டுக்கே வரி உண்டு. அக்டோபரில் 2,800 ரிங்கிட்டுக்குக் கொடுத்த அலமாரி டிசம்பரில் 3,080 ரிங்கிட். பக்கத்துப் பட்டறை பதியாதது, அவர்கள் இன்னும் 2,800-க்கே கொடுப்பார்கள். வளர்ந்ததற்காக வாடிக்கையாளரை இழக்கும் நிலை என்று என் கணவர் மனம் நொந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

முன்பே விலை பேசி முடித்த வேலைகள்தான் அதைவிடக் கஷ்டம். அக்டோபரில் ஒரு பாலர் பள்ளிக்கு மேசை நாற்காலிகள் செய்து தர 22,000 ரிங்கிட்டுக்கு ஒப்புக்கொண்டிருந்தோம். சாமான்களைக் கொடுத்தது டிசம்பரில். அவர்கள் ஒரு காசு கூடத் தர முடியாது என்றார்கள். பேசிப் பார்த்து, 20,000 விலை, 2,000 வரி என்று பில் போட்டோம். 2,000 ரிங்கிட் எங்கள் லாபத்திலிருந்து போனது. பணமோ ஏப்ரலில்தான் வந்தது. விற்பனை வரி காசு கைக்கு வரும்போது வருவதல்ல. பொருளை விற்றவுடனே வரி வந்துவிடும். பொதுவாக இரண்டு மாதத்துக்கு ஒரு கணக்கு, அந்த இரண்டு மாதம் முடிந்து அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் SST-02 பாரத்தையும் பணத்தையும் அனுப்பியாக வேண்டும். டிசம்பர், ஜனவரி விற்பனைக்குப் பிப்ரவரி 28-க்குள் கட்டினோம். தாமதித்தால் முதல் 30 நாளுக்கு 10 விழுக்காடு தண்டம், அடுத்த 30 நாளுக்கு மேலும் 15, அதற்கடுத்த 30 நாளுக்கு இன்னும் 15. எல்லாம் சேர்ந்து 40 விழுக்காடு. கடனுக்குச் சாமான் கொடுக்கும் ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இதைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

பதிந்தவர்களுக்குச் சில சலுகைகளும் உண்டு. அதையாவது சொல்லியிருக்கலாமே ஐயா. பதிந்த தயாரிப்பாளர் தன் மூலப்பொருளை இன்னொரு பதிந்த தயாரிப்பாளரிடமிருந்து வாங்கினாலோ இறக்குமதி செய்தாலோ, முன்கூட்டியே MySST வழியாக விலக்குச் சான்று எடுத்துவிட்டால் அதற்கு விற்பனை வரி கட்ட வேண்டியதில்லை. நம்மைப் போன்றவர்கள் கீலையும் வார்னிஷையும் ஹார்ட்வேர் கடையில்தான் வாங்குகிறோம். அந்த விலைக்குள்ளே வரி ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. 10 விழுக்காட்டுப் பொருளானால் வாங்கிய விலையில் 4 விழுக்காட்டையும், 5 விழுக்காட்டுப் பொருளானால் 2 விழுக்காட்டையும் நாம் கட்டும் வரியிலிருந்து கழித்துக்கொள்ளலாம். 10 விழுக்காட்டுப் பொருள் 6,000 ரிங்கிட்டுக்கு வாங்கினால் 240 ரிங்கிட் கழியும். பில் கையில் இருக்க வேண்டும், அந்தப் பொருள் முழுக்க வரிக்கு உட்பட்ட சாமானுக்கே போயிருக்க வேண்டும். எத்தனை பட்டறைக்காரர்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள் தெரியுமா? யாராவது தமிழில் சொன்னால்தானே கேட்பார்கள்.

2015-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் இதே கதைதான். விலை ஏறும் பொருள்களின் பட்டியலைப் பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். கடை நடத்துகிறவன் எப்படிக் கணக்கு எழுதுவது என்பதற்கு இடம் இல்லை. 2018 செப்டம்பரில் விற்பனை வரியும் சேவை வரியும் திரும்பி வந்தன. அப்போது உணவகங்களுக்கு 15 லட்சம் வரை சேவை வரி இல்லை என்ற செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு, பட்டறைகளுக்கும் 15 லட்சம்தான் என்று இன்றுவரை வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் பல பொருள்களுக்குப் புதிதாக வரி விரிவாக்கப்பட்டபோது, வாடகைச் சேவைக்கான வரம்பை 10 லட்சமாக்கினார்கள். உடனே எல்லாருக்கும் 10 லட்சம் என்று பேச்சு கிளம்பியது. உணவகமும் வாடகையும் சேவை வரியில் சேர்ந்தவை. பொருள் தயாரிப்பவருக்கு வரம்பு 5 லட்சம்தான். அப்போதே இதை விளக்கித் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வெளிவரவில்லை. இடம் இல்லாமல் போயிருக்கலாம், குறை சொல்லவில்லை. ஆனால் மனம் வலித்தது.

என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்குத் தங்கள் நாளிதழ்தான் வருகிறது. பட்டறைப் பையன்கள் கூட மதியச் சாப்பாட்டின்போது அதைத்தான் பிரித்துப் படிக்கிறார்கள். அதனால்தான் அதில் வரும் தவறான வரி எங்களை மற்றவர்களைவிட அதிகமாகச் சுடுகிறது. ஆங்கிலப் பத்திரிகையில் பிழை வந்தால் கணக்காயர் வைத்திருப்பவர்கள் அவரிடம் கேட்டுத் திருத்திக்கொள்வார்கள். நம் ஆட்களுக்கு அந்த வசதி இல்லை.

நான் கேட்பது இதுதான். அதே வணிகப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "ஆண்டு முடிவில் அல்ல, ஒவ்வொரு மாத முடிவிலும் கடந்த 12 மாதங்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும், தாண்டினால் அடுத்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும்" என்று ஒரு திருத்தம் போடுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் போட்டால் இன்னும் நன்று. இப்போது விண்ணப்பிக்க வேண்டிய நிலையில் யாராவது நிச்சயம் இருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக் கணக்குக்காரி,
பட்டர்வொர்த், பினாங்கு