பழைய எண் இருந்தால் ஏன் ஐயா எண்ணை மாற்றப் போகிறோம்?

பால் உற்பத்தியாளர் கணக்குத் தளத்தை நடத்தும் பொறுப்பிலுள்ளவர்களுக்கு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து இணையச் சேவை மையத்தார் வணக்கத்துடன் எழுதுவது.

சென்ற மாதம் ஓர் உறுப்பினரின் கணக்குக்குள் முன்பின் தெரியாத ஒருவர் நுழைந்த விவரம் உங்களுக்குத் தெரியும். ‘உறுப்பினரின் கவனக்குறைவு’ என்று பதில் வந்தது. கவனக்குறைவு யாருடையது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எங்கள் பக்கத்தில் பலரிடம் தமிழ்நாட்டு சிம் ஒன்று, கேரள சிம் ஒன்று இருக்கும். பொள்ளாச்சிக்கு வேலைக்குப் போவது நின்றால் ஒன்றுக்கு ரீசார்ஜ் நிற்கும். ஜனவரியில் நின்றது என்று வையுங்கள். பயன்பாடே இல்லாமல் 90 நாள் போனால் இணைப்பு துண்டிக்கப்படலாம், அது ஏப்ரல். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாளுக்கு வேறு யாருக்கும் தருவதில்லை, அது ஜூலை. ஆகஸ்டில் அந்த எண் முறைப்படி இன்னொருவர் கைக்குப் போகிறது. உங்கள் பதிவேட்டில் மட்டும் அது இன்னும் பழைய உறுப்பினருடையது. புதியவர் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை அழுத்தினால் ஆறு இலக்க ஓடிபி அவருக்கே போகும். திருடவே வேண்டாம், நீங்களே கதவைத் திறந்துவிடுகிறீர்கள்.

உரியவர் நிலை என்ன? எண்ணை மாற்றும் பக்கத்துக்குப் போனால், முதலில் பழைய எண்ணுக்கு வந்த ஓடிபியைப் போடச் சொல்கிறது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதை. பாஸ்வேர்டு நினைவிருப்பவரும் இந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. பாஸ்வேர்டையும் மறந்தவர்கள் பால் காசு ஏறியதா என்று பார்க்கக்கூட வழியில்லாமல் எங்கள் மையத்துப் பெஞ்சில் காத்திருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: கைபேசி எண்ணை மட்டும் நம்பிக் கணக்கைத் திறக்காதீர்கள், பழைய எண் இல்லாமலே எண்ணை மாற்ற வழி வையுங்கள்.

முதலில், கணக்கின் அடையாளம் சொசைட்டி உறுப்பினர் எண்ணாக இருக்கட்டும். கைபேசி எண் அதில் ஒட்டிய ஒரு விவரம் மட்டுமே. இப்போது எண்ணே அடையாளமாக இருப்பதால்தான், பழைய எண்ணை வாங்கிய வேறொரு உற்பத்தியாளர் பதிவு செய்ய வந்தால் ‘ஏற்கெனவே கணக்கு உள்ளது’ என்று சொல்லி அதற்குள்ளேயே அழைத்துப் போகிறது.

பாஸ்வேர்டு தெரிந்தவர் எண்ணை மாற்றுவது எளிது. பாஸ்வேர்டை மறுபடி கேளுங்கள், புதிய எண்ணுக்கு மட்டும் ஓடிபி அனுப்புங்கள். ஆனால் அடுத்த 72 மணி நேரத்துக்கு அந்தப் புதிய எண்ணை வைத்து பாஸ்வேர்டை மாற்றவோ, வங்கிக் கணக்கைத் திருத்தவோ விடாதீர்கள். பழைய எண்ணுக்கு ஒரு தகவல் போகட்டும். ஆனால் அழுத்தினாலே ரத்தாகும் இணைப்பை அதில் வைக்க வேண்டாம்: அந்த எண் இப்போது அந்நியரிடம் இருந்தால், உரியவரின் மாற்றத்தை அவரே ரத்து செய்துகொண்டிருப்பார். ரத்து செய்யவும் பாஸ்வேர்டோ மீட்புக் குறியீடோ வேண்டும்.

பாஸ்வேர்டும் இல்லை, எண்ணும் இல்லை என்பவருக்குத்தான் அந்த மீட்புக் குறியீடு. கணக்குத் தொடங்கும்போதே எட்டுக் குறியீடுகளை அச்சிட்டுப் பால் பாஸ்புக்கில் ஒட்டிக் கொடுக்கலாம். ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். உங்கள் சர்வரில் அதன் ஹாஷ் மட்டும் இருக்கட்டும். ஐந்து முறை தவறினால் நிறுத்துங்கள். பாஸ்புக்கும் தொலைந்தால் சொசைட்டிக்கு ஆள் நேரில் வரட்டும். ஊழியர் ஒருவர் கோர, இன்னொருவர் ஒப்ப, 15 நிமிடத்தில் காலாவதியாகும் இணைப்பு புதிய எண்ணுக்குப் போகட்டும். ஊழியர் கையால் பாஸ்வேர்டு போட்டுக்கொடுக்கும் வழக்கம் வேண்டாம். மீட்டதும் மற்றக் கருவிகளில் திறந்திருக்கும் கணக்கை வெளியேற்றிவிடுங்கள்.

எண் செத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளவும் வழியுண்டு. நிரந்தரமாகத் துண்டித்த எண்களின் பட்டியலை மத்திய தொலைத்தொடர்புத் துறை தன் தளத்தில் வைத்திருக்கிறது; 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளை அதைப் பயன்படுத்தச் சொன்னது. மாதம் ஒருமுறை ஒப்பிட்டால், எண் அடுத்தவர் கைக்குப் போகுமுன் அந்த 90 நாளுக்குள் பிடித்துவிடலாம். பட்டியல் கிடைக்கும்வரை, 90 நாளாக உறுதி செய்யப்படாத எண்ணுக்கு மீட்பு ஓடிபி அனுப்பாதீர்கள்.

இதற்கெல்லாம் மாற்றாக நீங்கள் வைத்திருக்கும் ரகசியக் கேள்விகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘படித்த முதல் பள்ளி?’ ஊரில் பள்ளியே ஒன்றுதான். ‘தாயின் பெயர்?’ டீக்கடையில் கேட்டால் பாட்டி பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கேள்விகளும் ஆங்கிலத்தில் மட்டும்! தமிழ் பேசும் வட்டாரம் என்பது பால் வண்டிக்காரருக்குத் தெரிகிறது, தளத்துக்குத் தெரியவில்லை. சரி, அது வேறு வழக்கு.

எல்லாம் ஒரே நாளில் வேண்டாம். எண் மாற்றும் பக்கத்தில் பழைய எண்ணின் ஓடிபி கேட்பதையும், எண் ஒன்றை மட்டும் வைத்து பாஸ்வேர்டு மாற்ற விடுவதையும் முதலில் சேர்த்தே நிறுத்துங்கள். ஒன்றை மட்டும் சரிசெய்தால் மற்றது வழியாகப் பணம் போகும். எந்தத் தேதிக்குள் ஆகும் என்று சொசைட்டிப் பலகையில் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டித் தரும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சித்தூர் வட்ட எல்லைப் பகுதி இணையச் சேவை மையத்தார்