இருமலோடு வந்தவர் சந்தேகநபரா?

ஆசிரியருக்கு,

வன்னியின் காசநோய் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் ‘சந்தேகநபர்’, ‘சிகிச்சையைக் கைவிட்டவர்’ என்று எழுதவேண்டாம். முதலாவது பொலிஸ் பாஷை. பஸ் இல்லாமல் கிளினிக்குக்கு வரமுடியாத பெண்ணைக் ‘கைவிட்டவள்’ என்றால் காரணமே மறைந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே இரண்டையும் மாற்றியது: ‘காசநோய் இருக்கலாம் எனக் கருதப்படுபவர்’, ‘தொடர்பு விடுபட்டவர்’.

ஆனால் கணினியில் ஒரேயடியாக மாற்றினால் கணக்குப் பிழைக்கும். ‘சிகிச்சையைக் கைவிட்டவர்’ என்பதன் பழைய வரையறை, தொடர்ந்து 2 மாதமோ அதற்கு மேலோ மருந்து தடைப்பட்டவர்களைக் குறித்தது. புதியது சிகிச்சையே தொடங்காதவர்களையும் சேர்க்கிறது. எனவே 2012ஆம் ஆண்டுத் தரவுக்கு ‘தொடர்ந்து 2 மாதமோ அதற்கு மேலோ மருந்து தடைப்பட்டவர்கள்’ என்றே எழுதி, பதிவேட்டின் பழைய சொல்லை அடிக்குறிப்பில் மட்டும் காட்டுங்கள்.

சுகாதார ஆய்வுக் கட்டுரைகளைச் செப்பனிடுவோர்,
கிளிநொச்சி