கூட்டுச் சமையலுக்கு 640 வெள்ளி குறைகிறது: மாடி அண்ணன் தம்பிகளுக்கு வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கேட்டரிங் சாப்பாட்டை நிறுத்துவதாக இருந்தால் இம்மாதம் 25ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். தவறினால் அடுத்த மாதமும் ஆளுக்கு 130 வெள்ளி போய்விடும். அதற்குள் நாமே சேர்ந்து சமைக்கக் குக்கரும் பிளாஸ்க்கும் வாங்கியாக வேண்டும் என்பதால்தான் இந்தக் கடிதம்.

சிங்கப்பூருக்கு முதலில் வந்த நம் மூத்தவர்கள் தேக்காவில் வாங்கிய ஒரே குக்கரை வைத்துப் பன்னிரண்டு பேருக்குப் பொங்கினார்கள். சைட்டிலிருந்து எத்தனை மணிக்குத் திரும்பினாலும் முறை வைத்து அடுப்படியில் நின்றார்கள். ஊரில் வீடு கட்டியதும் தங்கையைக் கரையேற்றியதும் அந்தச் சோற்றின் பலத்தில்தான். 2020 ஏப்ரலில் விடுதிகள் அடைபட்டபோது நின்ற அந்தக் கூட்டுச் சமையல், நம்மிடையே பிறகு தொடங்கவே இல்லை.

இப்போது வரும் பாக்கெட் இரவில் சமைத்தது. விடியுமுன் விடுதிக்கு வந்து, லாரியில் ஏறி, சைட் ஓரம் வெயிலில் கிடந்து, பகல் 12 மணிக்குத்தான் பிரிகிறது. சமைத்த உணவு சூடு தணிந்தபின் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. அரிசியில் உள்ள ஒருவகைக் கிருமியின் வித்துகள் கொதியிலும் சாகாமல், ஆறிய சோற்றில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் அழியாது. சோறு கெட்ட வாடையும் அடிக்காது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அதைத்தான். சாரத்தின் மேல் நிற்கும்போது வந்தால் என்ன ஆகும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

எனவே விடுதிப் பொறுப்பாளரிடம் அனுமதி பெற்று, அடுப்புகள் காலியாக இருக்கும் அதிகாலை 4 மணிக்குச் சமைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவின் மதியத்துக்கு அரிசி 2.4 கிலோ, பச்சைப்பயறு 1 கிலோ, முட்டை 12. ஆளுக்குப் பயறில் 20, அரிசியில் 14, முட்டையில் 6, ஆக 40 கிராம் புரதம் கிடைக்கும். ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 கணக்கு. அதில் பெரும்பகுதி மதியத்திலேயே சேர்ந்துவிடுகிறது.

பயறும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. போனால் நுரை பொங்கி ஆவித்துளையை அடைத்துவிடும். நான்கு விசில் போதும். புளியும் தக்காளியும் மூடியைத் திறந்த பிறகே சேர வேண்டும். முன்பே போட்டால் பயறு சீக்கிரம் வேகாமல் விறைப்பாகவே நிற்கும். சேர்த்தபின் குழம்பு மறுபடி தளதளவெனக் கொதித்தாக வேண்டும், ஏனென்றால் அந்தக் கொதியோடுதான் பிளாஸ்க்கில் இறங்கப்போகிறது. பிளாஸ்க்கில் முதலில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, கொட்டிவிட்டு, சோற்றையும் குழம்பையும் வாய்வரை நிரப்ப வேண்டும். பாதி நிரப்பியது சீக்கிரம் ஆறிவிடும். மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்தாலும் அப்படித்தான். பகலில் திறக்கும்போது உள்ளே 60 டிகிரிக்குக் குறையாத சூடு இருக்க வேண்டும். ஆவி பறக்காமல் வெதுவெதுப்பாக இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

மூன்று குழுக்களுக்கு 1.2 லிட்டர் பிளாஸ்க் 36, ஒன்று 26 வெள்ளி வீதம் 936. 12 லிட்டர் குக்கர் ஆறு, ஒன்று 85 வீதம் 510. மாற்று ரப்பர் வளையங்களுக்கும் வால்வுகளுக்கும் 54. மொத்தம் 1500 வெள்ளி. சேர்ந்தது 860. குறைவது 640.

இதுவரை கொடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஓவர்டைம் காசை அப்படியே கொடுத்த கம்பி கட்டும் தம்பிகளுக்கும், பெர்மிட் முடிந்து ஊருக்குப் போன பிறகும் மறக்காமல் அனுப்பிய புதுக்கோட்டை, திருவாரூர் அண்ணன்களுக்கும், தங்களுக்குத் தனிச் சமையல் இருந்தும் கேட்காமலே 60 வெள்ளி தந்த எதிர் அறை வங்காளதேசச் சகோதரர்களுக்கும் வீரமாகாளியம்மன் துணை நிற்பாள். அவர்களே கொடுத்திருக்க, தன் மதியச் சோற்றுக்காகக் கேட்டும் நாளை தருகிறேன் என்று மூன்று வாரம் தள்ளியவர்கள் நம் மாடியிலேயே இருக்கிறார்கள். பெயரை ஒட்ட எங்களுக்கு மனமில்லை. அன்னதானத்துக்குக் கொடுத்தது குறையாது, கொடுக்காதது கணக்கில் நிற்கும்.

20 வெள்ளி வீதம் 32 பேர் கொடுத்தால் முடிந்துவிடும். முடியாதவர்கள் பத்து கொடுங்கள், இல்லையென்றால் வாரம் ஒரு நாள் 4 மணிக்கு எழுந்து பாத்திரம் கழுவ முன்வாருங்கள், அதையும் வரவில் எழுதுகிறோம். பணத்தை இந்த ஞாயிறு இரவு 9 மணி வரை சமையலறை வாசலில் பெற்று, கையெழுத்துடன் ரசீது தருவோம். திங்கள் மாலை கடைக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
கூட்டுச் சமையல் குழுவினர்