காசில்லாமல் வந்த சத்தமல்ல அது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நார்வேயின் பிளாக் மெட்டல் என்ற முரட்டு ராக் இசை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தேவாலய எரிப்பு, கொலை, முகத்தில் பூசும் வெள்ளை கறுப்புச் சாயம் என்று வழக்கமாகச் சொல்லப்படுவதையெல்லாம் சொன்ன கட்டுரையாளர், இசையைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறார். ‘கையில் காசில்லாத விடலைப் பையன்கள் மலிவான கருவிகளில் பதிவு செய்ததால் ஒலி மோசமாக இருந்தது, பிறகு அதையே பெருமையாக்கிக்கொண்டார்கள்’ என்கிறார். பின்பாதி சரி. முன்பாதியை ஏற்க முடியவில்லை. டார்க்த்ரோன் என்ற நார்வே குழுவின் 1991 முதல் 1994 வரையிலான ஆண்டுகளைப் பார்த்தாலே காரணம் விளங்கும்.

ஆஸ்லோவுக்குப் பக்கத்தில் கொல்போட்ன் என்ற ஊரைச் சேர்ந்தவர்கள் இவர்கள். 1991 தொடக்கத்தில் வந்த முதல் ஆல்பமான ‘சோல்சைட் ஜர்னி’யை, ஸ்டாக்ஹோமில் இருந்த சன்லைட் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். டெத் மெட்டல் என்ற இன்னொரு முரட்டு ராக் பாணிக்கு அப்போது சுவீடனில் அந்த ஸ்டுடியோதான் தலைமையகம். ஆல்பத்தை வெளியிட்டது பீஸ்வில் என்ற ஆங்கிலேய நிறுவனம். கிட்டார் கனமாக ஒலிக்கிறது, டிரம்ஸின் ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்கிறது. ‘நல்ல’ ஒலி என்று எதைச் சொல்கிறோமோ, அது இவர்களுக்கு முதல் ஆல்பத்திலேயே கிடைத்துவிட்டது.

அடுத்து அதே பாணியில் இன்னொரு ஆல்பத்துக்கான பாட்டுகளும் தயாராகிக்கொண்டிருந்தன. அவற்றைக் கிடப்பில் போட்டுவிட்டு, சொந்த ஊரிலிருந்த கிரியேட்டிவ் ஸ்டுடியோவில் ‘எ ப்ளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை’யைப் பதிவு செய்து அனுப்பினார்கள். டெத் மெட்டல் வரும் என்று காத்திருந்த நிறுவனம் திகைத்துப்போனது. கிட்டார் மெலிந்து கிடக்கிறது, மறுபடியும் மிக்ஸ் செய்யலாம் என்றது. குழு மறுத்தது. நீங்கள் வெளியிடாவிட்டால் ஆஸ்லோவில் மேஹெம் குழுவின் கிட்டார் கலைஞர் யூரோனிமஸ் நடத்தும் டெத்லைக் சைலன்ஸ் நிறுவனத்திடம் கொடுத்துவிடுவோம் என்றது. கடைசியில் பீஸ்வில்தான் இறங்கிவந்தது. 1992இல் ஆல்பம் அப்படியே வெளியானது. மெருகேற்றித் தருகிறோம் என்று நிறுவனமே முன்வந்தும் வேண்டாம் என்றவர்களைக் காசில்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது?

1994இல் வந்த ‘ட்ரான்சில்வேனியன் ஹங்க’ரில் ஸ்டுடியோவே இல்லை. டிரம்ஸ் வாசிப்பவரான ஃபென்ரிஸ், தன்னிடமிருந்த 4 டிராக் கேசட் ரெக்கார்டரில் டிரம்ஸ், கிட்டார், பேஸ் மூன்றையும் தானே வாசித்துப் பதிவு செய்தார். குழுவின் பாடகர் நொக்டர்னோ குல்டோ பாட மட்டும் செய்தார். இவ்வகைக் கருவியில் நான்கு தடங்களும் சாதாரணக் கேசட்டின் 4 மில்லிமீட்டர்கூட இல்லாத நாடாவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தடம் குறுகக் குறுக நாடாவின் இரைச்சல் மேலே தெரியும். டிரம்ஸுக்கு ஒன்றிரண்டு தடங்களுக்கு மேல் ஒதுக்க முடியாது. பதிவாகும்போதே கலந்துவிடுவதால், பிறகு கிக் டிரம்மை மட்டும் தூக்கலாம், சிம்பலை மட்டும் இறக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் கருவியைவிட, அந்த ஒலிக்கு ஏற்றபடி பாட்டு எழுதப்பட்ட விதம்தான் முக்கியம். கட்டுரையாளர் கவனிக்காமல் விட்டதும் அதைத்தான். டெத் மெட்டலில் கிட்டாரின் பலம் கீழ்ச் சுரங்களில் இருக்கிறது. உள்ளங்கையால் தந்தியை அழுத்திப் பிடித்து, துண்டு துண்டாகக் குத்துவது அதன் பாணி. அதில் பேஸைக் குறைத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் கரகரப்புதான். பிளாக் மெட்டல்காரர்கள் தந்தியைத் திறந்துவிட்டு, ட்ரெமோலோ முறையில் ஒரே சுரத்தை அதிவேகமாக மீட்டிக்கொண்டே போவார்கள். ட்ரெபிளைக் கூட்டி டிஸ்டார்ஷனும் ஏற்றிவிட்டால், தனித்தனி மீட்டல்கள் கரைந்து ஒரே நீண்ட ரீங்காரமாகிவிடும். தம்புராவில் தந்திகள் மாறிமாறி ஒலித்தும் காதுக்கு ஒரே சுருதி கேட்கிறதல்லவா, அந்த மாதிரி. அந்த ரீங்காரத்துக்குள் மெட்டு மெதுவாக நகர்கிறது.

ஃபென்ரிஸ் இந்த ஆல்பத்தில் டிரம்ஸையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில், ஒரே தாளத்தில் ஓட்டுகிறார். சட்டென்று நிறுத்துவது, திருப்பிப்போடுவது போன்ற வித்தை எதுவும் இல்லை. முதல் ஆல்பத்தின் சிக்கலான தாளங்களைக் கேட்டவர்களுக்கு, வாசிக்கத் தெரியாமல் இப்படி வாசிக்கவில்லை என்பது தெரியும். தாளத்தின் மேலிருந்த கவனத்தை மெட்டின் மேல் திருப்புகிறார். இதே பாட்டுகளைச் சன்லைட்டில் பதிவு செய்து, ஒவ்வொரு டிரம் அடியையும் முன்னால் நிறுத்தியிருந்தால், ஒரே தாளம் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக நம்மைக் குத்திக்கொண்டே இருந்திருக்கும்.

பெருமை எங்கிருந்து வந்தது? அன்று ஃப்ளோரிடாவின் மோரிசவுண்ட், ஸ்டாக்ஹோமின் சன்லைட் என்று ஓரிரு ஸ்டுடியோக்களை நாடிப் பல டெத் மெட்டல் குழுக்கள் போயின. எல்லா ஆல்பங்களும் ஒரே ஒலியில் வரத் தொடங்கின. அதை வெறுத்தவர்களுக்கு 1984இல் வந்த, பாத்தரி என்ற சுவீடன் குழுவின் முதல் ஆல்பம் முன்மாதிரியானது. ஸ்டாக்ஹோமில் ஒரு கார் ஷெட்டில் பதிவானது அது. அங்கே உண்மையிலேயே வசதிக்குறைவு இருந்தது. பத்தாண்டு கழித்து வந்தவர்கள் அந்தக் குறையைத் தேடிப்போய் எடுத்துக்கொண்டார்கள். பர்ஸம் என்ற ஒருநபர் குழுவின் வர்க் விக்கெர்னஸ், 1993இல் பதிவாகி 1996இல் வெளியான ‘ஃபிலோசோஃபெ’முக்காக இருப்பதிலேயே மட்டமான மைக்கைக் கேட்டு, ஒரு ஹெட்செட்டில் பாடியதாகச் சொல்லியிருக்கிறார். கிட்டாருக்கு வீட்டு ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபையர். (யூரோனிமஸைக் கொன்று 21 ஆண்டு தண்டனை பெற்றவர் இவர். இவருடைய இனவெறிப் பேச்சுக்கும் குறைவில்லை. ஒலியைப் பற்றிப் பேசும்போது இவரைத் தவிர்க்க முடியவில்லை என்பதற்காகத்தான் குறிப்பிடுகிறேன்.)

எல்லோரும் இப்படியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே 1994இல் வந்த மேஹெமின் ஆல்பம், பெர்கன் நகரின் பெரிய இசையரங்கமான க்ரீக்ஹாலனில் பதிவானது. அதில் டிரம்ஸ் மலைபோல் எழுந்து நிற்கிறது. ஆக, மெலிந்த ஒலி அந்த இசைக்கு ஆரம்பத்தில் சட்டமாக இருக்கவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் சட்டமாக்கினார்கள். கம்ப்யூட்டரில் சுத்தமாகப் பதிவு செய்துவிட்டு, பேஸை வெட்டி, இரைச்சலைத் தூவி ‘அசல்’ என்று விற்கிறவர்கள் இன்று நிறைய. போலியைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. மெட்டை மட்டும் எடுத்து ஒரு சாதாரண கிட்டாரில், டிஸ்டார்ஷன் இல்லாமல், மெதுவாக வாசித்துப் பார்க்க வேண்டும். ‘ட்ரான்சில்வேனியன் ஹங்கர்’ அப்போதும் நிற்கிறது. மற்றவற்றில் பெரும்பாலானவை அங்கேயே உதிர்ந்துவிடும்.

இன்னொரு திருத்தம். உல்வர் குழு 1997இல் வந்த ‘நாட்டென்ஸ் மாட்ரிகா’லைக் காட்டுக்குள் போய்ப் பதிவு செய்ததாகவும், நிறுவனம் கொடுத்த முன்பணத்தில் காரும் கோட்டும் வாங்கியதாகவும் கட்டுரையில் இருக்கிறது. சுவையான கதை, பல காலமாகச் சுற்றுகிறது. ஆனால் குழுவினரே இதை மறுத்துவிட்டார்கள். அது ஸ்டுடியோவில்தான் பதிவானது. அந்த ஆல்பத்தின் காது கூசும் ட்ரெபிளும் திட்டமிட்டு வைக்கப்பட்டதுதான். அடுத்த இதழில் இதையாவது திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
கோயம்புத்தூர்