வயிற்றில் வரும் ஒற்றைத் தலைவலி

ஆசிரியருக்கு, பள்ளிகளில் குடற்புழு மாத்திரை வழங்குவது பற்றிய செய்தியைப் படித்தேன். நல்ல திட்டம்தான். ஆனால் பிள்ளைக்கு அடிக்கடி வயிறு வலித்தால் பூச்சி, இல்லையென்றால் பள்ளிக்குப் போகாமலிருக்க நடிப்பு என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஒற்றைத் தலைவலியின் குழந்தைப் பருவ வடிவமாகவும் இவ்வலி வரலாம். அதில் தலை வலிக்காமலே கூட இருக்கும். கோத்தகிரியில் வசிக்கும் என் தங்கை மகளுக்கு ஏழு வயது. மாதம் ஒருமுறையாவது முகம் வெளுத்து, தொப்புளைச் சுற்றி வலி என்று சுருண்டுவிடுவாள். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டும், வாந்தி எடுப்பாள். நன்றாகத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அடுத்த முறை வரும்வரை ஒரு குறையும் இருக்காது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாகவே இருந்தன. தங்கை தேதிவாரியாக எழுதிய குறிப்பைப் பார்த்த பிறகே குழந்தை மருத்துவர் நோயைக் கண்டுகொண்டார். தூக்கம் கெட்ட நாள், காலையில் சாப்பிடாமல் மலைப்பாதையில் இறங்கிய நாள் என்று ஒவ்வொரு வலிக்கும் முன்னால் ஏதோ ஒன்று இருந்தது. தங்கைக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு.

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவினர் பெற்றோரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: வலி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வருகிறதா, இடைப்பட்ட நாட்களில் பிள்ளை முழு நலமாக இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா? பச்சை நிற வாந்தி, ரத்தம், காய்ச்சல், எடை குறைவு, வலப்பக்க அடிவயிற்று வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும்.

- ஒரு வாசகி, குன்னூர்