டேப்லெட் வாங்கப்போகும் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்கத்து அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். வியாசர்பாடியில் செல்போன், டேப்லெட் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கும் 60 பேருக்கு டேப்லெட் வாங்கித் தரப்போகிறீர்கள் என்று தெரிந்து சந்தோஷப்பட்டேன். கொட்டேஷன் கேட்டுக் கடைகளுக்கு நீங்கள் அனுப்பிய தாளையும் பார்த்தேன். அதில் நாலே வரி: 8 இன்ச் ஸ்கிரீன், 32 ஜிபி, ஸ்டைலஸ் சப்போர்ட், பேரன்டல் கன்ட்ரோல். இந்த நாலு வரிக்கும் பொருந்துகிற மாதிரி மலிவாக ஒரு டேப் தர ஆள் கட்டாயம் கிடைப்பார். அந்த டேப்பை வைத்துப் பிள்ளைகள் படிக்க முடியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். நான் டேப் விற்பவன் இல்லை, ரிப்பேர் பார்ப்பவன். அதனால் எனக்கு இதில் வியாபாரம் ஒன்றுமில்லை.

தாளில் கடைசியாக இருக்கும் வரியை முதலில் பேசுவோம். எந்த ஆப் இருக்கலாம், எது கூடாது என்பதை முடிவு செய்யாமல் மற்ற மூன்று வரியையும் எழுத முடியாது.

பேரன்டல் கன்ட்ரோல் ஆப் என்று பிளே ஸ்டோரில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை, மற்ற ஆப்களைப் போலவே மேலே ஏற்றி வைக்கும் சாதாரண ஆப்தான். டேப்பை சேஃப் மோடில் ஆன் செய்தால், நாம் ஏற்றிய ஆப் எதுவும் ஓடாது. அந்தப் பூட்டும் ஓடாது. பல டேப்களில் பவர் ஆஃப் என்று வரும் இடத்தை அழுத்திப் பிடித்தாலே சேஃப் மோடு கேட்கும். அதுவும் சரிப்படவில்லை என்றால் டேப்பை அணைத்துவிட்டு, வால்யூம் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்துப் பிடித்து ரெக்கவரிக்குள் போய் ஃபேக்டரி ரீசெட் கொடுப்பார்கள். எல்லாம் அழிந்து புது டேப் ஆகிவிடும். ரீசெட் ஆன பிறகு பழைய கூகுள் கணக்கைக் கேட்கும் பாதுகாப்பு ஆண்ட்ராய்டில் உண்டுதான். ஆனால் உள்ளே போட்டிருப்பது அந்தப் பையனின் சொந்த ஜிமெயில் என்றால், அவன் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவான். நம் ஏரியா பசங்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த ஊர்ப் பசங்களுக்கும் வேண்டாம் போலிருக்கிறது. 2013-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐபேட் கொடுத்தார்கள். கொஞ்ச நாளிலேயே 300 பேருக்கு மேல் அதிலிருந்த கட்டுப்பாட்டு ப்ரொஃபைலை அழித்துவிட்டு ஃபேஸ்புக் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இதற்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. டிவைஸ் ஓனர் என்பார்கள். டேப்பின் உரிமையாளர் பள்ளிதான் என்று முதல்முறை ஆன் செய்யும்போதே பதிய வேண்டும். வரவேற்புத் திரையை 6 முறை தட்டினால் க்யூஆர் ஸ்கேனர் திறக்கும். எல்லா டேப்பையும் ஒரே இடத்திலிருந்து கட்டுப்படுத்தும் சேவைக்கு எம்டிஎம் என்று பெயர். அதில் பள்ளியின் கணக்கு தரும் க்யூஆர் கோடைக் காட்டினால் பூட்டு சிஸ்டத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் சேஃப் மோடு, புதுக் கூகுள் கணக்கு, கெஸ்ட் யூசர், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகே ஃபைலாக ஆப் ஏற்றுவது எல்லாவற்றையும் அங்கிருந்தே மூடலாம். பிள்ளைகள் பயன்படுத்த ஆரம்பித்த டேப்பில் இதைச் செய்ய வேண்டுமென்றால் முழுவதும் அழித்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். அதனால் விழா மேடையில் சீல் பிரிக்காத பெட்டியைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தீர்கள் என்றால் காரியம் கெட்டது.

ஆனாலும் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. பட்டனைப் பிடித்து ரீசெட் செய்வதை இது முழுதாகத் தடுக்காது. அதற்குத்தான் ஜீரோ டச் என்ரோல்மென்ட். விற்பவர் ஒவ்வொரு டேப்பின் சீரியல் நம்பரையோ ஐஎம்இஐ-யையோ பள்ளியின் பெயரில் பதிந்து கொடுப்பார். ரீசெட் செய்து நெட்டை இணைத்ததும் டேப் திரும்பவும் பள்ளியின் பூட்டுக்குள்ளேயே வந்து நிற்கும். இந்த வசதியை அங்கீகாரம் பெற்ற ரீசெல்லரால் மட்டுமே தர முடியும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாரோ ஒருவரிடம் மொத்தமாக வாங்கிவிட்டு, பிறகு போய்க் கேட்டால் நடக்காது. கொட்டேஷன் தாளில் பேரன்டல் கன்ட்ரோலை அடித்துவிட்டு இதை எழுதுங்கள். எம்டிஎம்முக்குச் சந்தா இருக்கும், அதையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டை ரொம்ப இறுக்கவும் வேண்டாம். ஒரே ஒரு ஆப் மட்டும் திறக்கிற மாதிரி வைத்தால், கணக்குப் போட கால்குலேட்டர் இருக்காது, பிடிஎஃப் திறக்காது. இரண்டே வாரத்தில் டேப் பீரோ மேலே போய்விடும். பிடிஎஃப் ரீடர், நோட்ஸ், கால்குலேட்டர், அகராதி, கேமரா, வீடியோ ஓட்டும் விஎல்சி, பள்ளி சொல்லும் பாட ஆப் ஆகியவை போதும். பிரவுசரில் குறிப்பிட்ட தளங்கள் மட்டும் திறக்கட்டும். யூடியூப் வேண்டாம் என்பது என் கருத்து. கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள் அங்கே இருக்கின்றன, நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் பாடத்துக்குப் பக்கத்திலேயே ஷார்ட்ஸும் இருக்கிறது. பாட வீடியோக்களை உரியவர்களின் அனுமதியோடு டேப்பிலேயே ஏற்றிக் கொடுத்துவிடலாம். நெட் செலவும் மிச்சம்.

இப்படி முடிவு செய்தால் 32 ஜிபி அடிபட்டுப் போகிறது. பெட்டியில் 32 என்று இருந்தாலும் கணினிக் கணக்கில் அது 30-க்குக் கொஞ்சம் கீழே. ஆண்ட்ராய்டும் கம்பெனியின் சொந்த ஆப்களும் 15 வரை எடுத்துக்கொள்ளும். நம் ஆப்கள், அவற்றின் அப்டேட் எல்லாம் சேர்ந்து ஒரு 4. மிச்சம் 10, 11 ஜிபி. ஓரளவு தெளிவான 480பி வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பி பிடிக்கும். கணக்குக்கு 60 மணி நேரம், அறிவியலுக்கு 60 மணி நேரம் என்று வைத்தால் அதுவே 36 ஜிபி. 64 ஜிபி டேப்பில் இது முட்டிமோதி உள்ளே போகும். ஆனால் விலை குறைந்த டேப்பில் ஸ்டோரேஜ் நிரம்ப நிரம்ப எல்லாமே இழுக்க ஆரம்பிக்கும். 128 கேளுங்கள்.

மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்று கடைக்காரர் சொல்வார். கார்டு ஸ்லாட்டைத் திறந்து வைத்தால் பாடம் இருக்கும் கார்டு அப்பாவின் போனுக்குப் போகும், படம் நிறைந்த கார்டு டேப்புக்கு வரும். விஎல்சி பாகுபாடு பார்க்காமல் ஓட்டும். எம்டிஎம்மில் கார்டைத் தடை செய்துவிடலாம், ஆனால் அப்புறம் அந்த ஸ்லாட்டால் நமக்கு என்ன பயன்? ரேம் விஷயத்தில் ஒன்று மட்டும் பாருங்கள். 8 ஜிபி ரேம் என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே பொடியாக 4+4 என்றிருந்தால், இரண்டாவது 4 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. நிஜமான 4 இருந்தால் நமக்குப் போதும்.

ஸ்கிரீனுக்கு வருவோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதிகம் பார்க்கப்போவது மாதிரி வினாத்தாளும் ஆசிரியர்கள் தரும் நோட்ஸும். எல்லாம் ஏ4 தாள், 21 செ.மீ அகலம். நீங்கள் கேட்டிருக்கும் 8 இன்ச் டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் 11 செ.மீ கூட இல்லை. பக்கம் பாதியாகச் சுருங்கும். 12 பாயின்ட் எழுத்து 6 பாயின்ட் ஆகும். படுக்கவைத்தாலும் 17 செ.மீதான். 10.1 இன்ச்சில் படுக்கவைத்தால் ஏறத்தாழ 21.7 செ.மீ. அதாவது ஏ4 தாளின் எழுத்து அதே அளவில், பெரிதாக்காமலே தெரியும். பாதிப் பக்கம்தான் ஒரு நேரத்தில் தெரியும், விரலால் தள்ளிப் படிக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே 10.1-க்குக் கீழே போகாதீர்கள்.

அளவோடு ரெசல்யூஷனையும் எழுதுங்கள். 10 இன்ச்சிலேயே 1280x800 என்று ஒன்று விற்கிறது. அதை நிமிர்த்தி முழுப் பக்கமும் தெரிய வைத்தால் 21 செ.மீ பக்கத்துக்கு 800 புள்ளிதான். தமிழ் எழுத்தில் புள்ளி முதலில் காணாமல் போகும். ர-வும் துணைக்காலும் ஒன்றாகத் தெரியும். கணக்கில் x-க்கு மேலே இருப்பது 2-ஆ 3-ஆ என்று குழப்பம் வரும். 1920x1200 என்றால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். கடையில் டேப்பைப் பார்க்கும்போது அவர்கள் ஓட்டிக் காட்டும் பூ, மீன் வீடியோவைப் பார்க்காதீர்கள். ஒரு வினாத்தாள் பிடிஎஃப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய்த் திறந்து பாருங்கள்.

இ-ரீடர் வாங்கலாமா என்று உங்களில் ஒருவர் கேட்டதாகவும் தெரிகிறது. கண்ணுக்கு இதமானது, மொட்டை மாடி வெயிலிலும் தெளிவாகத் தெரியும், சார்ஜும் பல நாள் நிற்கும். ஆனால் விலை குறைந்தவை 6, 7 இன்ச். கதைப் புத்தகத்துக்கு நல்லது. ஏ4 பிடிஎஃப்புக்கு ஆகாது. கறுப்பு வெள்ளையில் வரைபடத்தின் வண்ணங்களும் போய்விடும், வீடியோவும் ஓடாது. நம் தேவைக்கு அது வேண்டாம்.

ஸ்டைலஸ் சப்போர்ட் என்பதுதான் தாளிலேயே ஏமாற்று அதிகம் நடக்கும் வரி. நுனியில் ரப்பர் வைத்த சாதாரணப் பேனா, விரல் படுகிற எந்த ஸ்கிரீனிலும் எழுதும். அதனால் எந்த டேப்பையும் ஸ்டைலஸ் சப்போர்ட் என்று விற்கலாம். அந்தப் பேனாவை டேப் விரலாகத்தான் நினைக்கும். எழுதும்போது உள்ளங்கை பட்டால் அங்கேயும் கோடு விழும். கையைத் தூக்கி வைத்துக்கொண்டு யாரும் பக்கம் பக்கமாக எழுத முடியாது. கை வைத்து எழுத வேண்டுமென்றால் ஆக்டிவ் பேனா வேண்டும், அந்தப் பேனாவைப் புரிந்துகொள்ளும் பாகமும் டேப்புக்குள் இருக்க வேண்டும். கண்டுபிடிப்பது சுலபம். பேனாவை ஸ்கிரீனில் படாமல் ஒரு நூல் அளவு மேலே பிடியுங்கள். ஆக்டிவ் வகையில் பெரும்பாலும் ஒரு சின்னப் புள்ளி பேனாவோடு நகரும். அடுத்து உள்ளங்கையை நன்றாக ஊன்றி ஒரு வரி எழுதிப் பாருங்கள். பிறகு ஸ்கேல் வைத்துக் குறுக்காக, மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு பாம்பு மாதிரி நெளிந்தால் அந்தப் பேனாவால் வடிவியல் படம் வரைய முடியாது.

அப்படிப்பட்ட டேப் நீங்கள் போட்டிருக்கும் விலைக்கு வராது. ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகும். பேனா தொலைந்தால் தனிச் செலவு. பிள்ளைகள் பரீட்சை எழுதப்போவது தாளில்தான். அதனால் இந்த வரியை அடித்துவிடுங்கள் என்பேன். கணக்கை நோட்டில் போட்டு, கேமராவில் படம் எடுத்து வாத்தியாரிடம் காட்டட்டும். கணக்கு வாத்தியாருக்கு மட்டும் பேனா வைத்த டேப் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அவர் போர்டுக்குப் பதிலாக வைத்துக்கொள்வார். மிச்சமாகும் பணத்தை ஸ்கிரீனிலும் ஸ்டோரேஜிலும் போடுங்கள். டேப்புக்கு உறை வாங்கவும், சார்ஜிங் பின்னுக்கு ரப்பர் மூடி வாங்கவும் கொஞ்சம் எடுத்து வையுங்கள். காசிமேடு, எண்ணூர் பக்கமிருந்து வரும் போன்களில் உப்புக்காற்றில் டைப்-சி பின் பச்சை பிடித்துப் போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

60 டேப்புக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு டேப்பைச் சாம்பிளாக வாங்கிப் பூட்டுப் போடுங்கள். அதை வகுப்பிலேயே அதிகம் வாலாட்டுகிற மூன்று பேரிடம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்து, திங்கள்கிழமைக்குள் உள்ளே போய்க் காட்டினால் பிரியாணி என்று சொல்லுங்கள். சேஃப் மோடு, ரீசெட் எல்லாம் அவர்களே பார்ப்பார்கள். ஏதாவது ஆப்பின் உதவிப் பக்கத்திலிருக்கும் லிங்கைத் தட்டி, அங்கிருந்து கூகுளுக்குத் தாவும் வழியையும் அவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் காட்டும் ஓட்டையை அடைத்துவிட்டு மீதி 59-க்குப் பணம் கட்டுங்கள். பூட்டுப் போடுவதற்கும் சோதனைக்கும் என் கடையிலேயே உட்கார்ந்துகொள்ளலாம், கூலி வேண்டாம். பிரியாணிச் செலவு மட்டும் சங்கத்துடையது.

இப்படிக்கு,
வியாசர்பாடி சர்வீஸ் கடைக்காரன்