காபி டீ பத்தி நீ கேட்டதுக்கு

கண்ணு,

அன்னிக்கு போன்ல, மாசமா இருக்கறதால காபி டீ ரெண்டையும் அடியோட விட்டுடணுமாம்மான்னு கேட்டியே, சுத்தி ஆளுங்க இருந்ததால விவரமா சொல்ல முடியல. விட வேண்டாம்டா. ஒரு நாளைக்கு மொத்தமா 200 மில்லிகிராம் காஃபீனை தாண்டாம பாத்துக்கிட்டா போதும், உங்க இங்கிலாந்துல அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ் சொல்றதும் அதேதான்.

நீ குடிக்கறத கணக்கு போட்டுப் பாரு. காலைல ஒரு மக் ஃபில்டர் காபி, அதுலயே 140 வந்துடும். ஆபீஸ்ல ரெண்டு மக் டீ, ஒவ்வொண்ணும் 75. ஆக 290. டீ லேசுதானேன்னு நெனச்சு தாண்டிப் போறவங்கதான் ஜாஸ்தி. காலைல இன்ஸ்டன்ட் காபின்னா 100, கூட ஒரே ஒரு டீ, 175ல நின்னுடும். அன்னிக்கு கோலா ஒரு கேன் குடிச்சேன்னா 40 ஏறும், அப்போ அந்த டீயை விட்டுடு.

நான் அனுப்பின காபித்தூள்ல டிகாஷன் போட்டா இந்த கணக்கு அப்படியே ஒத்து வராது. எவ்ளோ தூள் போடறங்கறதுதான் முக்கியம், பால் ஊத்தினா கலர் மாறுமே தவிர காஃபீன் குறையாது. சிக்கரில காஃபீன் கிடையாது, அதனால சிக்கரி கலந்த தூள்ல கொஞ்சம் கம்மி. ஆனா ரொபஸ்டா கொட்டைல அராபிகாவ விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு இருக்கும். அதனால பெரிய மக் வேண்டாம், சின்ன டம்ளர்ல ஒண்ணு போதும்.

ஏன் இந்த அளவுன்னு கேப்ப. காஃபீன் நஞ்சுக்கொடி வழியா தடையில்லாம குழந்தைக்கு போயிடும், அதை உடைக்கற சக்தி நம்ம கல்லீரல்ல இருக்கற மாதிரி அதோட கல்லீரலுக்கு இன்னும் வரல. உனக்குமே மாசம் ஏற ஏற அந்த வேலை மெதுவாயிடும், சாதாரணமா அஞ்சு மணி நேரத்துல பாதியாகறது கடைசி மாசங்கள்ல பதினஞ்சு மணி நேரம் வரைக்கும் கூட இழுக்கும். காலைல குடிச்சதே ராத்திரி வரை உள்ள கிடக்கும், அதுமேல சாயங்காலம் இன்னொண்ணு போனா சேந்துக்கிட்டே போகும். நெறைய குடிக்கறவங்களுக்கு குழந்தை எடை கம்மியா பொறக்கறத பல ஆய்வுல பாத்திருக்காங்க, கருச்சிதைவோடயும் சம்பந்தம் இருக்கலாம்னு சொல்றாங்க. 200ங்கறது ஜாக்கிரதைக்கு போட்ட கோடு. ஒருநாள் 220 ஆயிட்டா பயந்து அழாத, தினமும் தாண்டறதுதான் கூடாது.

இன்னொண்ணு, இரும்புச்சத்து மாத்திரையை காபி டீயோட போடாத, டீல இருக்கற டானின் அதை உடம்புல சேர விடாது. முன்ன பின்ன ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, ஆரஞ்சு ஜூஸோட போட்டுக்கோ. உனக்கு ரத்தம் கம்மின்னு டாக்டர் சொன்னதால காபிய விட இதுதான் எனக்கு கவலை.

அம்மா